காலுக்கு முன்னே ஓடும் படிவிளக்கு

ஒவ்வொரு படியின் விளிம்புக்கு அடியிலும் ஓர் எல்.இ.டி. ஸ்ட்ரிப், படிக்கட்டின் கீழ்முனையில் ஒரு சென்சார், மேல்முனையில் இன்னொன்று, இவற்றை இயக்க ஒரு கன்ட்ரோலர். படிப்படியாக எரியும் விளக்கு அமைப்பில் இருப்பது இவ்வளவுதான். கீழே ஆள் வந்தால் முதல் படியிலிருந்து மேல்நோக்கியும், மேலே வந்தால் கடைசிப் படியிலிருந்து கீழ்நோக்கியும் விளக்குகள் வரிசையாக எரியும்.

14 படிகள் உள்ள மாடிப்படியை எடுத்துக்கொள்ளலாம். நிதானமாக ஏறுபவருக்கு ஒரு படிக்கு அரை நொடிக்குச் சற்று மேல் ஆகும். உச்சிக்குப் போக ஏறத்தாழ 8 நொடி. விளக்குகளுக்கு இடையே 0.2 நொடி இடைவெளி வைத்தால், மூன்று நொடிக்குள் படிக்கட்டு முழுவதும் எரிந்துவிடும். வெளிச்சம் காலுக்கு முன்னே போகிறது; கால் இருட்டில் பதிவதில்லை.

எரிய வைப்பதைவிட எப்போது அணைப்பது என்பதுதான் சிக்கல். பி.ஐ.ஆர். என்னும் இந்த வகை சென்சார், உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் நகர்வதை மட்டுமே உணரும். வந்தவர் ஏறப் போகிறாரா, ஏறி முடித்தாரா என்று அதற்குத் தெரியாது. மேல் சென்சார் தூண்டப்பட்டதும் அவர் போய்விட்டார் என்று கொண்டு அணைத்தால், அதே நேரத்தில் மேலிருந்து வேறொருவர் இறங்க வரும்போது, பாதி ஏறியவர் இருட்டில் நிற்பார். அழகான ஓட்டத்தைவிட அவர் தடுமாறாமல் இருப்பதே முக்கியம்.

அதனால் விளக்கு எரியும்போது எந்த முனையிலிருந்து சிக்னல் வந்தாலும் புதிய ஓட்டத்தைத் தொடங்காமல், அணைவதற்கான நேரத்தை மட்டும் மறுபடி முதலிலிருந்து எண்ண வைப்பது நல்லது. இந்தப் படிக்கட்டுக்கு 20 நொடி போதும். முதியவர்கள் நின்று நின்று ஏறும் வீட்டில் 40 நொடி வைக்கலாம். நடுப்படியில் நிற்பவரை இரு சென்சார்களுமே பார்ப்பதில்லை. நேரம் முடிந்தபின், எரிந்த அதே வரிசையில் விளக்குகள் அணையும்.

அடிக்கடி வரும் குறை, யாரும் படியேறாமலேயே விளக்கு எரிவது. சென்சாரின் முகப்பைத் தடித்த அட்டையால் மூடிப் பார்த்தால் காரணம் பிடிபடும். மூடியதும் நின்றுவிட்டால், கூடத்தில் நடப்பவரை அது பார்க்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் கருப்பு டேப்பால் மறைக்க வேண்டும். மூடியும் எரிந்தால் வயரிங்கையோ பவர் சப்ளையையோ சந்தேகிக்க வேண்டும்.

குறுக்கே கடப்பவரை பி.ஐ.ஆர். எளிதில் உணரும், நேராக அதை நோக்கி வருபவரைத் தாமதமாகவே உணரும். எனவே சென்சாரைப் பக்கச் சுவரில், முதல் படியைக் குறுக்கே பார்க்கும்படி பொருத்த வேண்டும். கோடையில் புழுக்கமான படிக்கட்டின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது அதன் எட்டும் தூரம் குறையும் என்பதால், முதல் படியிலிருந்து அதைத் தள்ளி வைக்கக் கூடாது.