வாங்கினால் ஒரு விலை, விற்றால் ஒரு விலை!

தங்கம் வாங்கப் போகும்போது கடைப் பலகையில் ஒரு விலை எழுதியிருக்கிறது. அதே தங்கத்தை விற்கப் போனாலோ, அந்தப் பலகையே நம்மைப் பார்த்துக் கேலியாகச் சிரிப்பது போலிருக்கிறது! "கடைக்காரன் நன்றாக ஏமாற்றிவிட்டான்" என்று பொருமாத குடும்பத் தலைவி உண்டா, சகோதரிகளே? பொருமுவதற்கு முன்னால் கணக்கை ஒரு தரம் பார்த்துவிடலாமே!

இதோ ஓர் அம்மாளும் நகைக்கடைக்காரரும் பேசிக்கொள்கிறார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மாள் தம் இரண்டு பவுன் சங்கிலியை விற்க வந்திருக்கிறார். நாலு வருஷத்துக்கு முன் அதே கடையில் வாங்கிய சங்கிலி. விலை ஏற்ற இறக்கம் நம்மைக் குழப்பாமலிருக்க, வாங்கிய அன்றும் இன்றும் கிராம் 10,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம்.

அம்மாள்: என்ன ஐயா, அநியாயமாக இருக்கிறதே! இந்தச் சங்கிலிக்கு நான் கொடுத்தது 1,84,576 ரூபாய். நீங்கள் இப்போது ஒன்றரை லட்சத்துச் சொச்சம் என்கிறீர்களே? மிச்சம் எங்கே போயிற்று?

கடைக்காரர்: உட்காருங்கள் அம்மா. அந்தப் பழைய ரசீதைக் கொண்டுவந்திருக்கிறீர்களா? நல்லதாயிற்று. அதில் தங்கம் எவ்வளவு போட்டிருக்கிறது?

அம்மாள்: பதினாறு கிராம். கிராம் 10,000 வீதம் 1,60,000. அடுத்தபடியாகச் சேதாரம் நூற்றுக்குப் பன்னிரண்டு.

கடைக்காரர்: அதுதான் முதல் பள்ளம். பதினாறு கிராமுக்குச் சேதாரம் 1.920 கிராம், 19,200 ரூபாய். அந்தத் தங்கம் உங்கள் கழுத்துக்கு வரவேயில்லை.

அம்மாள்: வராத தங்கத்துக்கு நான் எதற்காகப் பணம் கொடுத்தேன்?

கடைக்காரர்: அந்தக் காலத்தில் ஆசாரி உருக்கி, கம்பி இழுத்து, அரம் போட்டு, மெருகு ஏற்றும்போது பொடிப்பொடியாகத் தங்கம் உதிரும். பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணைக்கூட அரித்துத் தங்கம் எடுத்துப் பிழைத்தவர்கள் உண்டு. அந்த நஷ்டத்துக்கு வைத்த பெயர்தான் சேதாரம். இன்றைக்கு இந்த மாதிரிச் சங்கிலியை இயந்திரமே பின்னிவிடுகிறது. உதிர்வது குறைவு, உதிர்ந்ததையும் பெரும்பாலும் திரட்டிவிடுகிறார்கள். நிஜத்தைச் சொன்னால், சேதாரம் என்பது இப்போது வேலைக் கூலியும் கடையின் லாபமும் சேர்ந்த தொகை. அதனால்தான் கடைக்குக் கடை அது மாறுகிறது. கேட்டால் குறைக்கவும் குறைக்கிறார்கள்.

அம்மாள்: அன்றைக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ!

கடைக்காரர்: (சிரித்து) அன்றைக்கு நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "பவுன் இன்றைக்கு என்ன விலை?" எல்லாக் கடையிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் விலையை விசாரித்தீர்கள். வித்தியாசப்படுகிற சேதாரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை!

அம்மாள்: சரி, அடுத்தது?

கடைக்காரர்: தங்கமும் சேதாரமும் சேர்ந்த 1,79,200 ரூபாய்க்கு ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு மூன்று. 5,376 ரூபாய். இது சர்க்கார் கஜானாவுக்குப் போய்விட்டது. நீங்கள் விற்கும்போது அது திரும்பி வராது.

அம்மாள்: ஆக, கடைப் படி இறங்குமுன்பே 24,576 ரூபாய் போய்விட்டதா?

கடைக்காரர்: ஆமாம் அம்மா. பிறந்தநாள், தீபாவளி என்று நாலு வருஷம் போட்டுக்கொண்டதால் போனது கொஞ்சந்தான். இப்போது எடை போட்டால் 15.900 கிராம். கழுத்திலும் புடவையிலும் உராய்ந்து தேய்ந்தது 100 மில்லி. உருக்கினால் கண்ணிகளுக்குள் புகுந்த எண்ணெயும் சோப்பும் அழுக்கும் எரிந்து 15.800 நின்றது. இந்த 200 மில்லிக்கு 2,000 ரூபாய்.

அம்மாள்: தரம் எப்படி? அதில் பொடி வைத்து ஊதியிருக்கிறதோ?

கடைக்காரர்: பேச்சிலும் நான் பொடி வைக்கவில்லை, நகையிலும் வைக்கவில்லை! முத்திரை 916. ஆயிரம் பங்கில் 916 பங்கு சுத்தத் தங்கம். உங்கள் பாட்டி காலத்து நகையாக இருந்தால் கதை வேறு. பற்றவைத்த இடமெல்லாம் மட்டமான பொடி இருக்கும். உருக்கினால் மொத்தத் தரமே இறங்கும். கல் வைத்த அட்டிகையானால் கல்லும் அரக்கும் எடையிலிருந்து கழியும்.

அம்மாள்: எல்லாம் சரி. பலகையில் 10,000 எழுதிவிட்டு எனக்கு 9,800 என்கிறீர்களே?

கடைக்காரர்: அதுதான் எங்கள் கழிவு, நூற்றுக்கு இரண்டு. உருக்கிய கட்டியை நான் அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்க முடியாதே! சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும். அங்கே கூலியும் இழப்பும் உண்டு. பணம் முடங்கிக் கிடக்கும் நாட்களில் விலை இறங்கினால் அதுவும் என் தலையில்தான். 15.800 கிராமுக்கு இந்தக் கழிவு 3,160 ரூபாய். கையில் வருவது 1,54,840.

அம்மாள்: எதிர்க் கடையில் கழிவே இல்லையென்று எழுதியிருக்கிறார்களே?

கடைக்காரர்: பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கினால் நானும் கழிவு எடுக்கமாட்டேன். புது நகையின் சேதாரத்தில் எனக்கு அது வந்துவிடுகிறதே! பணமாகக் கேட்டால் என்ன தருவார்கள் என்று விசாரியுங்கள்.

கேட்டீர்களா, சகோதரிகளே? மொத்த நஷ்டம் 29,736 ரூபாய். அதில் "வாங்கும் விலை, விற்கும் விலை" என்று நாம் திட்டித் தீர்க்கும் கழிவு வெறும் 3,160 தான். 19,200 சேதாரத்தில் போயிற்று. அதாவது விற்ற அன்றல்ல, வாங்கிய அன்றே! இந்தச் சங்கிலியில் போட்ட பணம் அப்படியே திரும்ப வேண்டுமானால், தங்கம் கிராம் 11,920 ரூபாய்க்கு ஏற வேண்டும்.

ஆகையால் பேரம் பேச வேண்டியது வாங்கும்போது, அதுவும் சேதாரத்தில். கல் நகை என்றால் கல்லின் எடையைத் தனியாகவும் தங்கத்தின் எடையைத் தனியாகவும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கல்லைத் தங்க விலைக்கு வாங்கி, விற்கும்போது கல்லாகவே திரும்பப் பெறுவீர்கள்! முத்திரையோடு ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் நகையில் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல், முத்திரை கட்டாயமான ஊர்களில் கடைக்காரர் அது இல்லாத புது நகையை விற்கக் கூடாது. கைத் தொலைபேசியில் BIS Care என்ற செயலியில் அதைப் போட்டால் நகையின் தரம் தெரிந்துவிடும். அணிவதற்கல்ல, ஆபத்துக்கு உதவத்தான் தங்கம் என்றால், வேலைப்பாடு மிகுந்த ஆரத்தைவிடக் காசு மேல். அதற்குச் சேர்க்கும் கூலி குறைவு.

விற்கும்போது ஒன்றை மறவாதீர்கள். உருக்குவதற்கு முன்பே கிராமுக்கு என்ன விலை, கழிவு எவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள். கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். உருக்கிய பின்னும் போடச் சொல்லுங்கள். உருகிப் போன சங்கிலியைத் திருப்பி எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போக முடியாதல்லவா?