மாதம் 49 அல்ல, 33: கிணற்று நீர்க் கணக்கில் ஒரு கோடு

எளாவூரில் ஒரு வீட்டு போர் தண்ணீர் கரிக்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்திலேயே இருக்க, சந்தேகம் நேரே ஆலை மேல்தான் போகும். வீட்டுக்காரர் ஜனவரி, பிப்ரவரி, மார்ச், மே, ஜூலை என ஐந்து முறை டிடிஎஸ் அளக்கிறார். லிட்டருக்கு 910, 930, 970, 1040, 1100 மில்லிகிராம். ஏப்ரலிலும் ஜூனிலும் அளக்கவில்லை.

மாதப் பெயர்களோடு எக்செலில் Line வரைபடம் போட்டு, கோட்டின் மேல் ரைட் கிளிக் செய்து Add Trendline, Linear, Display Equation on chart என்று கொடுத்தால் வருவது இது:

```
y = 49x + 843
```

x-க்கு முன்னால் நிற்கும் 49தான் ஏற்றத்தின் வேகம். "மாதம் 49 கூடுகிறது" என்று மனுவில் எழுதிவிடத் தோன்றும். எழுதினால் மாட்டிக்கொள்வோம். இந்த வகை வரைபடத்துக்கு x என்பது மாதமல்ல, வெறும் வரிசை எண். விட்டுப்போன இரண்டு மாதங்கள் அதன் கண்ணில் படவே படாது.

முதல் நாளிலிருந்து எத்தனை நாள் என்று தனிப் பத்தியில் 0, 30, 60, 120, 180 போட்டு, Scatter வரைபடத்தில் அதே கோட்டைப் போட்டு, Display R-squared value on chart என்பதையும் கொடுங்கள்:

```
y = 1.092x + 904.83
R² = 0.9959
```

நாளுக்கு 1.092, அதாவது மாதத்துக்குச் சுமார் 33. முன்னது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஊதிப் பெருத்த கணக்கு. 904.83 என்பது தொடக்க நாளில் கோடு சொல்லும் அளவு. நாள் எண்ணுக்குப் பதில் தேதியையே கொடுத்தால் அந்த இடத்தில் பல்லாயிரம் கொண்ட ஒரு கழித்தல் எண் வந்து பயமுறுத்தும். எக்செல் தேதியை 1900-இலிருந்து எண்ணுவதால் வரும் வினை அது.

Forecast பகுதியில் Forward என்ற இடத்தில் 90 கொடுத்தால் கோடு இன்னும் 90 நாள் நீளும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம் 500-ஐ ஏற்கத்தக்க அளவாகவும், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000-ஐ உச்சமாகவும் வைக்கிறது. 2000-ஐத் தொட ஏறத்தாழ 1000 நாள் என்று சமன்பாடு சொல்லும். ஆறு மாத அளவீட்டை வைத்து மூன்று வருட ஜோசியமா? ஐப்பசி மழை இந்தக் கோட்டுக்குத் தெரியாது. R² ஒன்றை ஒட்டி நிற்பதும் புள்ளிகள் கோட்டோடு ஒட்டுகின்றன என்பதற்குத்தான் சாட்சி, உப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கல்ல. பழவேற்காடு ஏரியும் அதிகத் தொலைவில் இல்லை. ஆலையை விட்டுத் தள்ளியிருக்கும் ஒரு கிணற்றையும் அதே நாட்களில் அளந்தால் வேறுபாடு தெரியவரும்.

கையடக்க மீட்டர் அளவு சந்தேகத்துக்குப் போதும், வழக்குக்குப் போதாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். அந்த அறிக்கையோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுக்கலாம். வாரியம் எடுத்த அளவீடுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். வரைபடத்தைக் கேட்காதீர்கள், மாதிரி எடுத்த தேதியோடு எண்களைக் கேளுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. அதன் சட்டத்தின் 14-ஆம் பிரிவின் கீழ் போவதானால், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். நம் கணக்கில் ஜூலை அளவீட்டோடு 180 நாள் ஏற்கெனவே ஓடிவிட்டது.