பில்லில் இரண்டு பிழை, ஒரே மின்னஞ்சல்

வாங்கிய சரக்கு ஒரு முறைதான் வந்திருக்கும். பில்லில் இரண்டு முறை ஏறியிருக்கும். அந்தப் பில்லிலேயே ஜிஎஸ்டி தொகையும் தவறியிருந்தால் வாங்கியவர் விற்பனையாளருக்கு எழுதித் திருத்தம் கேட்க வேண்டியிருக்கும். எழுதுவது எளிது. விற்பனையாளரின் மனம் கோணாமல், அவர் அலுவலகத்துக் கணக்கர் ஒரே வாசிப்பில் புரிந்துகொண்டு அன்றே திருத்தி அனுப்பும்படி எழுதுவதற்குத்தான் கொஞ்சம் முன்வேலை தேவை.

ஒரு மாதிரிப் பில்லை எடுத்துக்கொள்ளலாம். திருச்சியில் உள்ள ஒரு சிறு நிறுவனம், கோயம்புத்தூர் வியாபாரி ஒருவரிடம் அலுவலகச் சாமான்கள் வாங்குகிறது. 12 நாற்காலிகள், ஒன்று 3,500 ரூபாய். 4 மேசைகள், ஒன்று 8,500. 2 ஸ்டீல் பீரோக்கள், ஒன்று 12,000. மூன்றும் சேர்ந்து சரியாக ஒரு லட்சம் ரூபாய். பேசிவைத்த தள்ளுபடி 5 சதவீதம். எல்லாவற்றுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதால் அது மத்திய ஜிஎஸ்டி 9, மாநில ஜிஎஸ்டி 9 என்று பிரிந்து நிற்கும்.

வந்த பில்லிலோ நான்கு வரிசைகள். முதல் வரிசையில் “ஆபீஸ் நாற்காலி, 12, ரூ.42,000”. நான்காவதில் “ரிவால்விங் சேர், 12, ரூ.42,000”. கூட்டுத்தொகை 1,42,000. தள்ளுபடி 7,100. ஜிஎஸ்டி 25,560. செலுத்த வேண்டியது 1,60,460 ரூபாய்.

இப்படி இரட்டிப்பது பெரும்பாலும் ஏமாற்று எண்ணத்தால் அல்ல. ஆர்டரைப் பார்த்து ஒருவர் ஒரு பெயரில் பதிந்திருப்பார். டெலிவரி சலானைப் பார்த்து இன்னொருவர் வேறு பெயரில் பதிந்திருப்பார். பெயர் மாறியதால் கணினிக்கு அது இரண்டு பொருளாகத் தெரியும். பில்லைச் சரிபார்ப்பவரின் கண்ணும் அங்கேதான் ஏமாறும். ஆகவே பெயரை விட்டுவிட்டு எண்ணிக்கை, விலை, ஹெச்எஸ்என் குறியீடு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றும் இரு வரிசைகளில் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படலாம்.

சந்தேகம் வந்தவுடன் எழுதிவிடக் கூடாது. ஒரே பொருள் இரண்டு வரிசையில் வருவது சில சமயம் நியாயமானதே. 24 நாற்காலிகளை இரண்டு தவணையாக அனுப்பி, தவணைக்கு ஒரு வரிசை போடும் வழக்கம் உண்டு. எனவே முதலில் பர்ச்சேஸ் ஆர்டரில் எத்தனை கேட்கப்பட்டது, சலானில் எத்தனை என்று கையெழுத்தாகியிருக்கிறது, குடோனில் எத்தனை இறங்கியது என்று மூன்றையும் ஒத்துப்பார்க்க வேண்டும். மூன்றிலும் 12 என்றே இருந்தால்தான் நான்காவது வரிசை பிழை என்று சொல்லத் துணிவு வரும். சரக்கை வாங்கி வைத்தவர் விடுப்பில் இருந்தால் அவர் வரும்வரை காத்திருப்பதே நல்லது. தவறான புகாரை அனுப்பிவிட்டுத் திரும்பப் பெறுவது, பிழையான பில்லைவிடச் சங்கடமானது.

இரண்டாவது பிழை சற்று மறைவாக இருக்கிறது. 25,560 என்பது 1,42,000-இல் சரியாக 18 சதவீதம். அதாவது வரி, தள்ளுபடியைக் கழிப்பதற்கு முந்தைய தொகைக்குப் போடப்பட்டிருக்கிறது. விற்கும்போதோ அதற்கு முன்போ கொடுத்து, பில்லிலேயே காட்டிய தள்ளுபடி வரிக்குரிய மதிப்பில் சேராது என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆவது பிரிவு. தள்ளுபடி போக மிஞ்சிய தொகைக்குத்தான் வரி. அப்படிப் பார்த்தால் சரியான கணக்கு சுருக்கமானது: ஒரு லட்சத்தில் 5,000 கழித்தால் 95,000, அதற்கு வரி 17,100, மொத்தம் 1,12,100. பில்லில் கூடுதலாக இருப்பது 48,360 ரூபாய்.

இந்த 48,360-ஐப் பிரித்துப் பார்ப்பது அவசியம். இரட்டித்த நாற்காலிகளின் விலை தள்ளுபடி போக 39,900. அதற்கான வரி 7,182. இரண்டும் சேர்ந்து 47,082. மீதி 1,278 என்பது தள்ளுபடித் தொகையான 7,100-க்குப் போட்ட வரி. மின்னஞ்சலில் நாற்காலியை மட்டும் சொல்லி விட்டுவிட்டால் என்ன ஆகும்? விற்பனையாளர் அந்த வரிசையை எடுத்துவிட்டு, வரியைப் பழைய முறையிலேயே ஒரு லட்சத்துக்குப் போட்டு 18,000 என்று அனுப்புவார். பில் 1,13,000 ஆகிவிடும். அப்போதும் 900 ரூபாய் கூடுதல். மறுபடி எழுத வேண்டும். இரண்டாம் முறை எழுதும்போது எவ்வளவு பணிவாக எழுதினாலும் எதிர்முனையில் எரிச்சல் வரத்தான் செய்யும். இரண்டு பிழையையும் தனித்தனியாகச் சொல்லி, திருத்திய பில் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் முழுதாகக் காட்டிவிடுவதுதான் இதற்கு வழி.

இனி மின்னஞ்சலின் நடை. “நீங்கள் இரண்டு முறை பில் போட்டிருக்கிறீர்கள்” என்று எழுதினால் அது குற்றச்சாட்டு. “பில்லில் இரண்டு முறை வந்துள்ளது” என்றால் பேச்சு பில்லைப் பற்றியதாகிவிடுகிறது. படிப்பவருக்குத் தற்காப்பு தேவைப்படாது. ஆனால் பணிவு என்ற பெயரில் செய்தியை மங்கலாக்குவதும் கூடாது. “பில்லில் ஏதோ வித்தியாசம் இருப்பதுபோல் தெரிகிறது, தயவுசெய்து பார்க்கவும்” என்று மட்டும் எழுதினால், தேடும் வேலை முழுவதும் விற்பனையாளர் தலையில் விழுகிறது. அது மரியாதை ஆகாது. வரிசை எண்ணையும் தொகையையும் சொல்வதே அவருடைய நேரத்துக்குக் கொடுக்கும் மரியாதை.

அவர் பக்கம் சரியாக இருக்கக்கூடும் என்பதற்கும் ஓர் இடம் விட வேண்டும். ஒரு வாக்கியம் போதும். மேலே சொன்ன பில்லுக்கு எழுதக்கூடிய மின்னஞ்சல் இது:

பொருள்: பில் எண் 417, தேதி 06-01-2026: நாற்காலி எண்ணிக்கை, ஜிஎஸ்டி தொகை சரிபார்க்க வேண்டுதல்

வணக்கம் ஐயா,

மேற்கண்ட பில்லும் சரக்கும் கிடைத்தன, நன்றி. பில்லைக் கணக்கில் ஏற்றும்போது இரண்டு இடங்களில் வேறுபாடு தெரிகிறது.

1. வரிசை 1-இல் “ஆபீஸ் நாற்காலி” என்றும் வரிசை 4-இல் “ரிவால்விங் சேர்” என்றும் 12 நாற்காலிகள் இருமுறை வந்துள்ளன. சலான் எண் 212-இன்படி எங்களுக்கு வந்தவை 12 மட்டுமே. வேறு சலானில் மேலும் 12 அனுப்பியிருந்தால் அதன் எண்ணைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.

2. 18% ஜிஎஸ்டி, தள்ளுபடிக்கு முந்தைய ரூ.1,42,000-க்குக் கணக்கிடப்பட்டுள்ளது. தள்ளுபடி போக உள்ள தொகைக்கு வர வேண்டும்.

எங்கள் கணக்கின்படி:
சரக்கின் விலை ரூ.1,00,000
தள்ளுபடி 5% ரூ.5,000
வரிக்குரிய மதிப்பு ரூ.95,000
மத்திய ஜிஎஸ்டி 9% ரூ.8,550
மாநில ஜிஎஸ்டி 9% ரூ.8,550
மொத்தம் ரூ.1,12,100
(பில்லில் உள்ளது ரூ.1,60,460, வேறுபாடு ரூ.48,360)

சரிபார்த்து, வேறுபாட்டுக்குக் கிரெடிட் நோட்டோ, இந்தப் பில்லை ரத்து செய்து புதிய பில்லோ, தங்களுக்கு எது வசதியோ அதை இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டுகிறோம். வேறுபாடில்லாத ரூ.1,12,100 வழக்கமான தவணைத் தேதியில் செலுத்தப்படும்.

இணைப்பு: பில், பர்ச்சேஸ் ஆர்டர், கையெழுத்தான சலான்.

தங்கள் உண்மையுள்ள,
கணக்குப் பிரிவு

திருத்தும் வழியை விற்பனையாளரிடம் விட்டதற்குக் காரணம் உண்டு. பில் இன்னும் ஜிஎஸ்டிஆர்-1 கணக்கில் ஏறாமல் இருந்தால் அவர் அதை ரத்து செய்துவிட்டுப் புதிய எண்ணில் வேறு பில் போடலாம். மாதக் கணக்கு தருபவருக்கு ஜனவரி பில்கள் பிப்ரவரி 11-க்குள் ஏற வேண்டும். அது அரசு இணையதளத்தில் பதிந்த இ-இன்வாய்ஸாக இருந்தால், அங்கே ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். ஒரு முறை பதிந்த எண்ணில் மறுபடி பில் போடவும் முடியாது. அந்த நேரம் தாண்டிவிட்டால் 34-ஆவது பிரிவின்படி கிரெடிட் நோட்டுதான் வழி. 2025-26 நிதியாண்டின் பில்லுக்கான கிரெடிட் நோட்டை விற்பனையாளர் தம் கணக்கில் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள 2026 நவம்பர் 30 வரை இடமுண்டு. ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே கொடுத்துவிட்டால் அந்தத் தேதியோடு சரி.

கிரெடிட் நோட்டு போடும் கணக்கருக்கு இந்த வழக்கில் ஒரு சிக்கல் வரும். குறைய வேண்டிய மதிப்பு 39,900; குறைய வேண்டிய வரி 8,460. ஆனால் பில்லிங் மென்பொருளில் 39,900 என்று அடித்தால் 18 சதவீதமாக 7,182 என்றுதான் காட்டும். மீதி 1,278 தள்ளுபடிக்கு மேல் போட்ட வரி என்பதால் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மின்னஞ்சலில் இரண்டு பிழையும் பிரித்துச் சொல்லப்பட்டிருந்தால் இந்த இடத்தில் அவர் தடுமாற மாட்டார். தொலைபேசியில் கேட்டாலும் பதில் கைவசம் இருக்கும்.

பணத்தை முழுதாக நிறுத்திவைப்பது பலர் செய்யும் தவறு. பில்லில் பிழை இருந்தாலும் வந்துசேர்ந்த சரக்குக்கான கடன் கடன்தான். விற்பனையாளர் பதிவுபெற்ற குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தவணை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் வட்டி ஏறும். பிழையில்லாத தொகை தவணையில் வந்துவிடும் என்று மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுவது, பில்லில் குறை காட்டிப் பணத்தை இழுத்தடிக்கிறார்கள் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்காது.

அதேபோல் முழு 25,560-ஐயும் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதும் சரியல்ல. கைக்கு வராத சரக்கின் வரியைக் கழித்துக்கொள்ள 16-ஆவது பிரிவு இடம் தருவதில்லை. எடுக்கத் தக்கது 17,100 மட்டுமே.

பதில் வராமல் போனால், ஒரு வாரம் கழித்து அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாகவே நினைவூட்டலாம். புதிய மின்னஞ்சல் தொடங்கினால் இணைப்புகள் பிரிந்துவிடும். திருத்திய பில்லோ கிரெடிட் நோட்டோ வந்ததும் அதில் உள்ள வங்கிக் கணக்கு எண் பழையதுதானா என்று பார்க்க வேண்டும். மாறியிருந்தால் ஏற்கனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் கேட்டு உறுதிசெய்த பிறகே பணம் அனுப்ப வேண்டும். திருத்திய பில் என்ற பெயரில் பணத்தை வேறு கணக்குக்குத் திருப்பும் மோசடிகள் நடக்கின்றன. அடுத்த மாதம் 14-ஆம் தேதி வாக்கில் இணையதளத்தில் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் கிரெடிட் நோட்டு ஏறியிருக்கிறதா, பில்லின் வரியில் அது போக நிற்பது 17,100தானா என்று பார்த்துவிட்டால் அந்தக் கோப்பை மூடலாம்.