தேதி இல்லாத ரெஸ்யூமே

"மாதம், ஆண்டு சேர்த்து, வேர்டு கோப்பாகத் திருத்திய ரெஸ்யூமேவை அனுப்புங்கள்." ஆள் தேர்வாளரிடமிருந்து இப்படி மின்னஞ்சல் வந்தால் பலர் நிராகரிப்பின் முன்னறிவிப்பு என்று பதறுகிறார்கள். பதற வேண்டாம். பரிசீலிக்க எண்ணம் இல்லாதவர் பெரும்பாலும் இப்படிக் கேட்டு எழுத மாட்டார்.

பல நிறுவனங்களில் ரெஸ்யூமேவை முதலில் படிப்பது மென்பொருள். பெயர், நிறுவனம், பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள் என்று பிரித்து, அனுபவத்தைக் கணக்கிடுகிறது. "2019-2021" என்று மட்டும் எழுதினால் அது 2019 ஜனவரி முதல் 2021 டிசம்பர் வரையிலான மூன்று ஆண்டாகவும் இருக்கலாம். 2019 டிசம்பர் முதல் 2021 ஜனவரி வரையிலான ஓராண்டுச் சொச்சமாகவும் இருக்கலாம். மூன்றாண்டு அனுபவம் கேட்கும் வேலைக்கு இந்த வித்தியாசம் போதும், பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிட.

ஆகவே எல்லா வேலைக்கும் 06/2019 - 03/2022 என ஒரே முறையில் எழுதுங்கள். இடைவெளி இருந்தால் மறைக்காதீர்கள், சரிபார்ப்பில் தெரிந்துவிடும். இரண்டு பத்தி வடிவமும் அட்டவணையும் வரிகளைக் கலந்துவிடக்கூடும். ஸ்கேன் செய்த பக்கமோ வெறும் படம்தான்.

அனுப்பும் முன் முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே தேதி வேறொரு நிறுவனத்தின் கீழ் போய் நின்றால், மென்பொருளும் அப்படித்தான் படிக்க வாய்ப்பு அதிகம்.