கடைசி வரியைப் பாருங்கள்

மருத்துவமனையில் ஒருவர் இறந்தால், அவரைக் கவனித்த மருத்துவர் 'படிவம் 4' என்ற சான்றிதழை நிரப்பிப் பதிவாளருக்குத் தர வேண்டும். வீட்டில் இறந்தவர்களுக்குப் படிவம் 4ஏ. வங்கிக்கும் வாரிசுச் சான்றுக்கும் நாம் எடுத்துப்போகும் இறப்புச் சான்றிதழில் மரணத்துக்கான காரணம் இருக்காது. அது பதிவாவது இந்தப் படிவத்தில்தான்.

படிவத்தின் முதல் பகுதியில் அ, ஆ, இ என மூன்று வரிகள் உண்டு. உயிரை நேரடியாகப் பறித்த நிலை 'அ'வில் வரும். அதை உண்டாக்கியது 'ஆ'வில், எல்லாவற்றையும் தொடங்கிவைத்த மூலநோய் கடைசி வரியில். ஒவ்வொன்றும் தொடங்கி எவ்வளவு காலமாயிற்று என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். நாட்டின் மரணக் கணக்கில் சேர்வது மூலநோய்தான்.

58 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். வலது காலில் வந்த புண் ஆறாமல் அழுகியது. கிருமி ரத்தத்தில் பரவி, ரத்த அழுத்தம் விழுந்து, இரண்டாம் நாள் இறந்துவிட்டார். மருத்துவர் அவசரத்தில் 'அ: இதயத் துடிப்பு நின்றது, ஆ: செப்டிக் ஷாக்' என்று எழுதி முடித்துவிடுகிறார். யார் இறந்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும். அது இறக்கும் விதம், காரணம் ஆகாது. சர்க்கரை நோயோ படிவத்தில் இடமே பெறவில்லை. அதனால் இவர் கிருமித்தொற்றால் இறந்தவராகவே கணக்கில் சேர்ந்துவிடுவார்.

சரியான வரிசை இது:

அ: செப்டிக் ஷாக் – 2 நாள்
ஆ: வலது கால் அழுகல் – 3 வாரம்
இ: இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் – 15 ஆண்டு

இவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் இருந்து, அது உடலைத் தளர்த்தியிருந்தால், அதை இரண்டாம் பகுதியில் எழுத வேண்டும். கால் அழுகலுக்கும் அதற்கும் தொடர்பில்லாததால் முதல் பகுதியில் அதற்கு இடமில்லை.

வரிசை சரியா என்று பார்க்க, கீழிருந்து மேலே படிக்க வேண்டும். சர்க்கரை நோயால் கால் அழுகியது, அழுகலால் செப்டிக் ஷாக் வந்தது என்று தொடர்பு அறாமல் வந்தால் சரி. மேலே போகப் போகக் காலம் குறைய வேண்டும். கீழ் வரியில் 2 நாள், மேல் வரியில் 3 வாரம் என்றிருந்தால் வரிசை தலைகீழாகிவிட்டது என்று பொருள். ஒரு வரிக்கு ஒரு நோய்தான்; சுருக்கெழுத்தும் கூடாது. மூன்று வரியையும் நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரே நோய் நேரடியாக உயிரைப் பறித்திருந்தால் ஒரு வரியே போதும்.

2023-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, இந்தச் சான்றிதழின் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். அதில் 'இதயத் துடிப்பு நின்றது' என்பது மட்டும் இருந்தால், எந்த நோயால் நின்றது என்று மருத்துவரிடம் கேளுங்கள். குடும்பத்தில் அடுத்த தலைமுறை எந்த நோய்க்கு முன்கூட்டியே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு, அந்தப் பதில் வழிகாட்டும்.