தண்ணீரைத் தாங்கும் முக்கோணக் கதவு

ஒரு கால்வாயின் குறுக்கே முக்கோண வடிவில் இரும்புக் கதவு நிற்பதாக வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் அகலமுள்ள அடிப்பக்கம் மேலே, நீர்மட்டத்தில் கீலோடு பொருத்தப்பட்டிருக்கிறது. கூர்முனை 3 மீட்டர் ஆழத்தில் ஒரு கொக்கியில் மாட்டியிருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. கொக்கி எத்தனை டன் விசையைத் தாங்க வேண்டும்?

கதவின் பரப்பு 3 சதுர மீட்டர். அதன் நடுக்கோட்டு மையம் 1 மீட்டர் ஆழத்தில் இருப்பதால் தண்ணீர் தள்ளும் மொத்த விசை 3 டன். இந்த விசை முழுவதும் அந்த மையத்திலேயே செயல்படுவதாக எடுத்துக்கொண்டால், கொக்கிக்கு 1 டன் போதும் என்று விடை வரும். அது தவறு.

ஆழம் கூடக்கூட நீரழுத்தம் கூடும். அதோடு, கீலிலிருந்து தள்ளியிருக்கும் விசைக்குத் திருப்பும் வலிமையும் அதிகம். ஆகவே ஆழம் இரண்டு முறை பெருக்கலில் வருகிறது. ஒவ்வொரு துண்டின் பரப்பையும் அதன் ஆழத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பதே பரப்பின் இரண்டாம் திருப்புத்திறன்.

கதவைக் கிடைமட்டமாக 1 மீட்டர் உயரமுள்ள 3 பட்டைகளாக வெட்டிக்கொள்வோம். அவற்றின் நடு ஆழங்கள் 0.5, 1.5, 2.5 மீட்டர். அங்கே அகலம் முறையே 1.67, 1, 0.33 மீட்டர். பெருக்கிக் கூட்டினால் 4.75 வருகிறது. 6 பட்டைகளாக வெட்டினால் 4.5625. பட்டைகளை மேலும் மேலும் மெல்லியதாக்கினால் விடை எங்கே போய் நிற்கும் என்பதைத் தொகையிடல் நேராகச் சொல்லிவிடுகிறது.

அடிப்பக்கம் b, உயரம் h என்போம். y ஆழத்தில் அகலம், வடிவொத்த முக்கோணங்களின்படி, b(1 − y/h). ஆகவே:

I = ∫₀ʰ y² · b(1 − y/h) dy = b(h³/3 − h³/4) = bh³/12

நம் கதவுக்கு 2 × 27 ÷ 12 = 4.5. அதாவது கீலைச் சுற்றித் தண்ணீரின் திருப்புத்திறன் 4.5 டன்-மீட்டர். கொக்கி 3 மீட்டர் தள்ளியிருப்பதால் அது தாங்க வேண்டியது 1.5 டன். முதல் கணக்கைப் போல ஒன்றரை மடங்கு. விசை உண்மையில் செயல்படுவது 1.5 மீட்டர் ஆழத்தில், அதாவது உயரத்தின் சரிபாதியில்.

இதே அடிப்பக்கமும் உயரமும் கொண்ட செவ்வகத்துக்கு மதிப்பு bh³/3. முக்கோணத்தின் பரப்பு அதில் பாதியாக இருந்தும் திருப்புத்திறன் கால் பங்குதான். அதிகம் எண்ணப்படும் தொலைவில்தான் முக்கோணம் குறுகிவிடுகிறது.

பாடநூல் அட்டவணைகளில் முக்கோணத்துக்கு bh³/36 என்றும் ஒரு மதிப்பு இருக்கும். அது நடுக்கோட்டு மையத்தின் வழியே செல்லும் அச்சுக்கானது. அதைக் கீலுக்குப் பயன்படுத்தினால் விடை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எனவே சூத்திரத்தை எடுக்கும் முன் அச்சு எங்கே என்று பாருங்கள்.