பரிசலிலிருந்து கடைசியாகக் குதிப்பவர்

திண்டுக்கல் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் உள்ளது. திண்டுக்கல் நகரின் குடிநீருக்கு உதவும் நீர்நிலை இது. இத்தகைய நீர்த்தேக்கம் ஒன்றின் கல் பாவிய கரையை நோக்கி மூவர் ஒரு பரிசலில் வருவதாகக் கொள்வோம். மூங்கிற் பிளாச்சுகளைப் பின்னி, முற்காலத்தில் தோலையும் பிற்காலத்தில் தார் பூசிய விரிப்பையும் போர்த்திச் செய்யப்பட்ட வட்டமான, மிக இலேசான கலம் பரிசல். இக்காலத்தில் கண்ணாடியிழையாலும் அது செய்யப்படுகிறது. கரையின் கற்கள் சரிவாக நீருக்குள் இறங்குவதால், பரிசலின் விளிம்பு கரைக்கு 60 செ.மீ. முன்னதாகவே நின்றுவிடுகிறது. முதலாமவர் எளிதாகக் கரைக்குத் தாவுகிறார். இரண்டாமவரும் தட்டுத்தடுமாறிக் கரையேறிவிடுகிறார். அவர்களைப் போலவே தாவிய மூன்றாமவரோ நீரில் விழுகிறார். மூவரும் ஒத்த உடல்வலிமை உடையவர்கள். தாவிய முறையும் ஒன்றே. எனில், மூன்றாமவர் விழுந்தது ஏன்?

தாவுபவர் தம் கால்களால் பரிசலைப் பின்னோக்கி உந்துகிறார். பரிசல் அவரை முன்னோக்கி உந்துகிறது. பரிசலையும் அதிலுள்ளோரையும் ஓர் அமைப்பாகக் கருதினால் இவ்விரண்டும் அகவிசைகளாகும். கிடைத்தளத் திசையில் குறிப்பிடத்தக்க புறவிசை இல்லாதவரை, அத்திசையில் அமைப்பின் மொத்த உந்தம் மாறாது. தாவுமுன் அமைப்பு ஓய்வில் இருந்ததால் மொத்த உந்தம் சுழி. தாவிய பின்னரும் அது சுழியாகவே இருத்தல் வேண்டும்:

m v = M V

இங்கு m என்பது தாவுபவரின் நிறை. v என்பது கரையைப் பொறுத்து அவருடைய வேகம். M என்பது பரிசலில் எஞ்சிய மொத்த நிறை. V என்பது பரிசலின் பின்னியக்க வேகம். இரு வேகங்களும் எதிரெதிர்த் திசைகளில் அமைந்தவை. செங்குத்துத் திசையில் இவ்விதியை இங்குப் பயன்படுத்த இயலாது. அத்திசையில் ஈர்ப்பு விசையும் நீரின் மிதப்பு விசையும் புறவிசைகளாகச் செயல்படுகின்றன.

இனி, விடைத்தாள்களில் அடிக்கடி காணப்படும் ஒரு பிழையைக் கவனிப்போம். ஒருவர் தரையில் நின்று 2.5 மீ/வி என்ற கிடைத்தள வேகத்துடன் தாவக்கூடியவர் எனில், பரிசலிலிருந்து தாவும்போதும் v = 2.5 மீ/வி என்று மாணவர் பலர் எழுதிவிடுகின்றனர். கால்கள் தாம் மிதித்து நிற்கும் தளத்தைத்தான் அறியும், கரையை அறியா. தரை பின்வாங்குவதில்லை, ஆதலால் அங்கே தளத்தைப் பொறுத்த வேகமும் கரையைப் பொறுத்த வேகமும் ஒன்றே. பரிசலோ பின்வாங்குகிறது. எனவே 2.5 மீ/வி என்பதைப் பரிசலைப் பொறுத்த சார்பு வேகம் u என்று கொள்வதே பொருத்தம். அப்போது,

u = v + V

இரு சமன்பாடுகளையும் இணைத்தால் பின்வருவன கிடைக்கின்றன:

V = m u / (m + M)
v = M u / (m + M)

ஒவ்வொருவரின் நிறையும் 60 கி.கி. என்றும், வெறும் பரிசலின் நிறை 40 கி.கி. என்றும் கொள்வோம். தாவுபவர் காற்றில் இருக்கும் நேரம் 0.4 வினாடி ஆகட்டும். தரையிலிருந்து தாவினால் அவர் கடக்கும் தொலைவு 2.5 × 0.4 = 1 மீட்டர். 60 செ.மீ. இடைவெளி அவருக்கு ஒரு பொருட்டன்று.

முதலாமவர் தாவும்போது பரிசலில் எஞ்சும் நிறை 160 கி.கி. எனவே V = 60 × 2.5 / 220 = 0.68 மீ/வி; v = 1.82 மீ/வி. அவர் கடக்கும் தொலைவு 73 செ.மீ. பின்வாங்கிய பரிசலைத் துடுப்பால் மீண்டும் பழைய இடத்திற்கே கொண்டுவருகின்றனர். இரண்டாமவர் தாவும்போது M = 100 கி.கி.; V = 0.94 மீ/வி; v = 1.56 மீ/வி. கடக்கும் தொலைவு ஏறத்தாழ 63 செ.மீ.; மயிரிழையில் கரையேறுகிறார். மூன்றாமவருக்கு எஞ்சுவது வெறும் பரிசல் மட்டுமே. V = 60 × 2.5 / 100 = 1.5 மீ/வி; v = 1.0 மீ/வி. அவர் கடப்பது 40 செ.மீ. மட்டுமே. முன்னிருவர் கரை சேர்ந்ததைக் கண்ட நம்பிக்கையே அவரை ஏமாற்றிவிட்டது. அவர்கள் தாவும்போது பரிசலை நிலைப்படுத்தியது அவருடைய நிறையும்தான். அவர் தாவும்போது அதற்கு யாரும் இல்லை.

சார்பு வேகம் மூவருக்கும் 2.5 மீ/வி என்று கொண்டது சரியா என்ற ஐயம் எழலாம், எழவும் வேண்டும். இலேசான பரிசலைக் கால்கள் விரைவாகத் தள்ளிவிடும். ஆதலால் சார்பு வேகம் சற்று மிகுதியாக இருக்கக்கூடும். மறு எல்லையாக, கால்கள் செய்யும் வேலை தரையில் செய்த அளவே என்று கொண்டு பார்ப்போம். தரையில் அவர் பெறும் இயக்க ஆற்றல் ½ × 60 × 2.5² = 187.5 ஜூல். இதனை அவரும் வெறும் பரிசலும் பகிர்ந்துகொள்ள வேண்டும். உந்தங்கள் சமமாக இருக்கும்போது, நிறை குறைந்த பொருளே மிகுதியான ஆற்றலைப் பெறும். எனவே 40 கி.கி. பரிசலுக்கு 112.5 ஜூலும், 60 கி.கி. மனிதருக்கு 75 ஜூலும் கிடைக்கின்றன. அவருடைய வேகம் 1.58 மீ/வி, கடக்கும் தொலைவு 63 செ.மீ. ஆக, மூன்றாமவர் கடக்கும் தொலைவு 40 செ.மீ.க்கும் 63 செ.மீ.க்கும் இடையில் அமையும். மிகச் சாதகமான கணக்கிலும் அவருடைய கால்விரல்களே கரையைத் தொடும்.

கரையில் உள்ளோர் பரிசலின் கயிற்றை விறைப்பாகப் பிடித்திருந்தால் நிலைமை மாறும். அப்போது கயிற்றின் இழுவிசை ஒரு புறவிசை. அமைப்பின் உந்தம் இனிச் சுழியாக இருக்க வேண்டியதில்லை. பரிசல் பின்வாங்காது, மூன்றாமவரும் தரையில் தாவியதுபோல் ஒரு மீட்டர் கடப்பார். ஆனால் கயிறு தளர்ந்திருந்தால் பயனில்லை. கால்கள் உந்தும் நேரம் ஏறத்தாழ 0.25 வினாடி, அதற்குள் பரிசலின் வேகம் சுழியிலிருந்து 1.5 மீ/வி ஆக உயர்கிறது. சராசரி வேகம் 0.75 மீ/வி எனக் கொண்டால், அந்நேரத்தில் பரிசல் நகர்வது ஏறத்தாழ 19 செ.மீ. கயிற்றின் தளர்ச்சி அதைவிட மிகுதியாக இருப்பின், கயிறு விறைப்பதற்குள் கால்கள் பரிசலை விட்டு நீங்கிவிடும். கொடைக்கானல் ஏரியில் ஏறி இறங்குமிடத்தில் படகின் விளிம்பைப் பணியாளர் கையால் இறுகப் பற்றிக்கொண்டால், அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இக்கணக்கில் நீரை நாம் அறவே புறக்கணித்தோம். உந்தும் குறுகிய நேரத்தில் நீரின் உராய்வால் ஏற்படும் உந்த மாற்றம் சிறிது. ஆனால் பரிசல் விரைவாக முடுக்கப்படும்போது, அதனை ஒட்டியுள்ள நீரும் ஓரளவு முடுக்கப்படுகிறது. அதனால் பரிசலின் நிறை கூடியது போன்ற விளைவு உண்டாகிறது. அவ்வாறு கூடும் அளவு 20 கி.கி. என்று வைத்துக்கொண்டால், u = 2.5 மீ/வி எனும்போது பின்னியக்க வேகம் 1.5 மீ/வி இலிருந்து 1.25 மீ/வி ஆகக் குறையும். சோதித்துப் பார்க்க விரும்புவோர், ஆசிரியரின் துணையுடன், ஆழமற்ற நீரில் மிதக்கும் கலத்தைக் கரையிலிருந்து கைப்பேசியில் படம் பிடிக்கலாம். கால்கள் நீங்கிய உடன் வரும் முதற்சில படச்சட்டங்களிலிருந்தே வேகத்தைக் கணக்கிட வேண்டும். ஓரிரு வினாடி கழிந்தபின் அளந்தால், நீரின் தடை பரிசலைப் பெரிதும் மெதுவாக்கியிருக்கும். அப்போது கிடைக்கும் எண்ணைக் கொண்டு, உந்த மாறா விதி பொய்த்தது என்று எழுதிவிடக்கூடாது.